‘நிக்க’ முதல் ‘நிக்கீரு’ வரை: வட்டார வழக்கு வசனத்துக்குச் சப்டைட்டில் எழுதும் முழுமையான வழிகாட்டி

திருநெல்வேலிப் பக்கத்தில் ஒரு பலசரக்குக் கடை. முதலாளி செல்லையாவுக்கு ஐம்பது வயது. சின்ன வயதிலிருந்து அவரிடமே வேலை பார்க்கும் முருகனுக்கு இருபத்தைந்து. இந்த வழிகாட்டிக்காகவே எழுதிய ஐந்து வரிக் காட்சி இது:

செல்லையா: ஏலே, சரக்கு வண்டி வந்துட்டா?

முருகன்: அது அப்பமே போயிட்டு, அண்ணாச்சி.

செல்லையா: பின்ன ஏம்லே நிக்க? சோலியப் பாரு.

முருகன்: தச்சநல்லூர்ல கடை ஒண்ணு பாத்திருக்கேன் அண்ணாச்சி. மதினிட்ட சொல்லிட்டேன். அவிய சரின்னுட்டாவ.

(மௌனம்)

செல்லையா: என்னவே நிக்கீரு? உக்காரும்.

மூன்றாம் வரியிலும் ஐந்தாம் வரியிலும் செல்லையா கேட்பது ஒரே கேள்வி. ஏன் நிற்கிறாய் என்பதுதான். ஆனால் ‘நிக்க’ என்பது ‘நிக்கீரு’ ஆகும்போது, வேலைக்காரப் பையன் இன்னொரு கடைக்காரன் ஆகிவிடுகிறான். அந்தப் பேச்சுக்குப் பழகிய காது அந்த விகுதியிலேயே காட்சி முடிந்துவிட்டதைக் கேட்டுவிடும். ஆங்கிலச் சப்டைட்டிலில் இரண்டு இடத்திலும் ஒரே ‘யூ’ வந்தால், பார்ப்பவருக்கு நடந்தது எதுவுமே தெரியாது. முதலாளி ஏனோ இரண்டாவது முறையும் அதையே கேட்கிறார், அவ்வளவுதான்.

வட்டார வழக்கில் சப்டைட்டில் எதை இழக்கிறது என்று கேட்டால் ‘மண்வாசனை’ என்று சொல்லிவிடுகிறோம். மண்வாசனை போவது உண்மைதான். அதை முழுதாகக் காப்பாற்றவும் முடியாது. ஆனால் அதைவிடப் பெரிய இழப்பு, யார் யாரை எந்த மரியாதைப் படியில் வைத்துப் பேசுகிறார், அந்தப் படி எந்த நொடியில் மாறுகிறது என்ற செய்தி. இதைக் காப்பாற்ற வழி உண்டு. கீழே உள்ள எட்டு வேலைப் படிகளும் அதற்காகத்தான். மேலே உள்ள ஐந்து வரிகளையே கடைசிவரை வைத்துக்கொள்வோம்.

படி 1: காதில் விழுந்ததை விழுந்தபடி எழுதுங்கள்

தயாரிப்புத் தரப்பிலிருந்து வசனப் பிரதி வரும். அதை நம்பி வேலையைத் தொடங்காதீர்கள். படப்பிடிப்பில் நடிகர் ஒரு மாதிரி பேசியிருப்பார், டப்பிங்கில் இன்னொரு மாதிரி மாற்றியிருப்பார். வட்டார வழக்குக்குப் பயிற்சி கொடுக்க ஆள் இருந்த படமென்றால் பிரதியில் இருக்கும் ‘நிற்கிறாய்’ ஒலியில் ‘நிக்க’ என்று ஆகியிருக்கும். கடைசி ஒலிக்கலவையைப் போட்டுக் கேட்டு எழுதுவதுதான் சரி.

எழுதும்போது கை தானாகத் திருத்தப் பார்க்கும். ‘போயிட்டு’ என்று கேட்டதைப் ‘போயிட்டுது’ என்றும், ‘சரின்னுட்டாவ’ என்பதைச் ‘சரின்னுட்டாங்க’ என்றும் எழுதிவிடுவோம். அப்படித் திருத்திய இடமெல்லாம் பின்னால் மொழிபெயர்ப்பவருக்குத் தடயம் அழிந்த இடம். சொல்லின் கடைசி இரண்டு எழுத்தில்தான் மரியாதை, பால், ஊர் மூன்றும் இருக்கின்றன. வேறு எங்கே சுருக்கினாலும் அங்கே சுருக்கக் கூடாது.

விளிச்சொற்களையும் விடாமல் குறிக்க வேண்டும். ஏலே, லே, வே, ஏட்டி, ஏளா, மக்கா, அம்மணி, கண்ணு, நைனா, மாப்ள என்று எது வந்தாலும், அர்த்தம் இல்லாத ஒட்டு மாதிரித் தெரிந்தாலும் எழுதுங்கள். இவற்றில் பாதியை மொழிபெயர்க்கப் போவதில்லை. ஆனால் எது எங்கே வந்தது என்று தெரிந்தால்தான் எங்கே வராமல் போனது என்று தெரியும்.

படி 2: பொருளே மாறிவிடும் பொறிகளைப் பிடியுங்கள்

வேறு மாவட்டத்துத் தமிழர் மொழிபெயர்க்கும்போது இங்கேதான் தவறு நடக்கிறது. தமிழே தெரியாதவர் கேட்டுத் தெரிந்துகொள்வார். தமிழ் தெரிந்தவர் தனக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்து மேலே போய்விடுவார்.

நம் காட்சியின் முதல் வரியைப் பாருங்கள். ‘வந்துட்டா’ என்றால் தமிழ்நாட்டின் பெரும்பகுதியில் ‘வந்துவிட்டாள்’. நெல்லையிலும் குமரியிலும் அஃறிணைக்கு ‘வந்துட்டு’ என்பது ‘வந்துவிட்டது’. அதைக் கேள்வியாக்கினால் ‘வந்துட்டா?’ வரும். வண்டியைப் பற்றிய கேள்வி என்பதால் இங்கே தப்பிக்கலாம். ‘வண்டி’ என்ற சொல் முந்தின ஷாட்டில் போயிருந்தால், ‘அவள் வந்துவிட்டாளா’ என்று சப்டைட்டிலில், காட்சியில் இல்லாத ஒரு பெண் வந்து நிற்பாள்.

இரண்டாம் வரியில் அதே பொறி மறுபக்கம் இருக்கிறது. ‘அது அப்பமே போயிட்டு’ என்பது முடிந்த வாக்கியம். அது அப்போதே போய்விட்டது என்று பொருள். மற்ற ஊர்க் காதுக்குப் ‘போயிட்டு’ என்றால் ‘போய்விட்டு’. அது முடியாத வாக்கியமாகக் கேட்கும். அதனால் வரியின் கடைசியில் மூன்று புள்ளி வைத்து, முருகன் ஏதோ தயங்குவது போல எழுதிவிடுவார்கள். முருகன் தயங்கவே இல்லை. நடிகரின் முகத்துக்கும் கீழே ஓடும் எழுத்துக்கும் ஒட்டாமல் போகும், ஏன் ஒட்டவில்லை என்று யாருக்கும் புரியாது.

நான்காம் வரியில் இருப்பதுதான் மிகவும் அடிக்கடி நடக்கும் பிழை. ‘அவிய சரின்னுட்டாவ’ என்பதை ஆங்கிலத்தில் ‘தே’ என்று போட்டால், யாரோ பலர் சம்மதித்ததாக ஆகும். இங்கே பேச்சு ஒரே ஒருவரைப் பற்றியது, முதலாளியின் மனைவியைப் பற்றியது. ‘அவிய’, ‘அவுக’, ‘அவங்க’ எல்லாம் மரியாதைப் பன்மை. ஆங்கிலத்தில் ‘ஷி’ என்றுதான் வர வேண்டும். மனைவி கணவனைக் குறிப்பிடும் காட்சிகளில் இது இன்னும் மோசமாகும். மதுரைப் பக்கத்துப் பெண் ‘அவுக வந்தாக’ என்று சொன்னால் கேட்பவருக்குக் கணவர் என்பது பெயர் சொல்லாமலே தெரியும். அங்கே வெறும் ‘ஹி’ என்று போட்டால் யாரென்று தெரியாது, ‘தே’ என்று போட்டால் கூட்டம் வந்தது என்று ஆகும். முதல் முறை வரும்போது மட்டும் ‘என் வீட்டுக்காரர்’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லைப் போட்டு, அடுத்ததிலிருந்து ‘ஹி’ போடுவது நல்ல வழி.

நெல்லையை விட்டு வெளியே போனாலும் இதே வகைப் பொறிகள் உண்டு. சென்னைப் பேச்சில் ‘வந்துகினு கீறான்’ என்றால் ‘வந்துகொண்டிருக்கிறான்’. நகத்தால் கீறுவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ‘அவனாண்ட குடு’ என்றால் ‘அவனிடம் கொடு’. கொங்குப் பேச்சில் ‘சொல்லிப்போட்டேன்’ என்றால் ‘சொல்லிவிட்டேன்’, எதையும் போடவில்லை. நெல்லையில் ‘பைய வா’ என்றால் ‘மெதுவாக வா’. பையனைக் கூப்பிட்டதாக எழுதக் கூடாது.

பொறியில் சிக்கியிருக்கிறோமா என்று கண்டுபிடிக்க ஒரு நேரடியான வழி உண்டு. ஒரு வரியை மொழிபெயர்த்த பிறகு அதற்கு வரும் பதிலைப் பாருங்கள். கேள்விக்கும் பதிலுக்கும் ஒட்டவில்லை என்றால், அல்லது பேசாத ஒரு ஆள் திடீரென்று உரையாடலுக்குள் வந்தால், பெரும்பாலும் விகுதியைத் தவறாகக் கேட்டிருக்கிறீர்கள்.

படி 3: விளிப்பு அட்டவணை போடுங்கள்

இதற்கு ஒரு படத்துக்கு அரை நாள் ஆகும். அந்த அரை நாளை மிச்சப்படுத்த நினைப்பவர்கள்தான் அதிகம். ஆனால் இதுவே எல்லா முடிவுகளுக்கும் அடிப்படை. முக்கியப் பாத்திரங்களில் யார் யாரை என்ன சொல்லிக் கூப்பிடுகிறார், எந்த வினைவிகுதி போடுகிறார் என்று காட்சி எண்ணோடு எழுத வேண்டும். நம் காட்சிக்கு அது இப்படி இருக்கும்:

| பேசுபவர், கேட்பவர் | தொடக்கத்தில் | முடிவில் |
|---|---|---|
| செல்லையா, முருகனிடம் | ஏலே, லே. நிக்க, பாரு | வே. நிக்கீரு, உக்காரும் |
| முருகன், செல்லையாவிடம் | அண்ணாச்சி | அண்ணாச்சி |
| முருகன், செல்லையாவின் மனைவியைப் பற்றி | (வரவில்லை) | மதினி, அவிய, -ஆவ |

முருகன் மாறவில்லை, செல்லையா மட்டும் மாறுகிறார் என்பது இந்த அட்டவணையைப் பார்த்தவுடன் தெரிகிறது. காட்சியின் நாடகம் அதுதான்.

நெல்லைப் பேச்சில் முன்னிலைக்கு மூன்று படி இருப்பதை இங்கே தனியாகச் சொல்ல வேண்டும். ‘நீ’ கீழே, ‘நீங்க’ மேலே, நடுவில் ‘நீரு’. ‘வாரும்’, ‘இரும்’, ‘சொல்லும்’, ‘என்னவே பாக்கீரு’ எல்லாம் இந்த நடுப்படி. சமமான ஆண்கள், வியாபாரிகள், ஓரளவு பழகிய பெரியவர்கள் ஒருவரை ஒருவர் இப்படிப் பேசுவார்கள். மற்ற பல வட்டாரப் பேச்சுகளில் ‘நீர்’ வழக்கொழிந்துவிட்டதால், அங்கிருந்து வரும் மொழிபெயர்ப்பாளர் இதைப் பழைய நாடகத் தமிழாகவோ கிண்டலாகவோ கேட்டுவிடுவார். கிண்டலாக வருவதும் உண்டு. ஆனால் இயல்பாக வரும்போது அது ‘நீயும் நானும் ஒரு தளம்’ என்ற பேச்சு.

அதேபோல் ‘லே’ என்றாலே இழிவு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அப்பா மகனிடம் சொல்வார், நண்பன் நண்பனிடம் சொல்வான். செல்லையா சொல்லும் ‘லே’யில் உரிமையும் இருக்கிறது, அதிகாரமும் இருக்கிறது. கடைசி வரியில் அவர் ‘லே’யை விட்டுவிடும்போது மரியாதை கூடுகிறது, கூடவே அந்த உரிமை கைவிட்டுப் போகிறது. முருகனுக்குக் கிடைப்பதும் இழப்பதும் ஒரே விகுதியில் இருக்கின்றன. இதை உணராமல் வெறும் ‘மரியாதை கூடியது’ என்று எழுதினால் பாதிதான் வரும்.

படி 4: வழக்கு அந்தக் காட்சியில் என்ன வேலை செய்கிறது?

திரைப்படத்தில் வரும் வட்டார வழக்கு ஊரில் பேசுவதன் நேர்ப்பதிவு அல்ல. தமிழ்நாடு முழுக்கப் புரிய வேண்டும் என்பதால் வசனம் எழுதுபவர் விகுதிகளையும் விளிச்சொற்களையும் வைத்துக்கொண்டு, பிற மாவட்டத்தில் புரியாத பெயர்ச்சொற்களைப் பெரும்பாலும் கழித்துவிடுவார். ஆகவே கழிக்காமல் விட்ட சொல் ஒன்று இருந்தால், அது ஏன் இருக்கிறது என்று கேட்க வேண்டும்.

நீண்ட காலம் படங்களில் நாயகன் ஊர் தெரியாத பொதுத்தமிழ் பேசுவதும், வழக்கு பேசுவது நகைச்சுவை நடிகரின் அல்லது அடியாளின் வேலையாக இருப்பதும் வழக்கமாக இருந்தது. ‘சதி லீலாவதி’யில் (1995) கமல்ஹாசனும் கோவை சரளாவும் பேசிய கொங்குத் தமிழ் சிரிப்புக்கு உதவியது. அதே கமல்ஹாசன் ‘பாபநாசம்’ (2015) படத்தில் பேசிய நெல்லைத் தமிழ் குடும்பத்தின் இயல்பான வீட்டுப் பேச்சு. சப்டைட்டில் எழுதுபவருக்கு இரண்டும் வேறு வேறு வேலை. முதல் வகையில் பேச்சின் வித்தியாசமே காட்சியின் பொருள் என்பதால் ஆங்கிலத்திலும் அந்தப் பாத்திரம் கொஞ்சம் வேறு மாதிரிப் பேச வேண்டும். இரண்டாம் வகையில் எல்லாரும் ஒரே வழக்கு பேசுவதால் அது அவர்களுக்குள் வித்தியாசமே இல்லை. அங்கே இயல்பான, சாதாரண ஆங்கிலம்தான் உண்மையானது. அந்த வீட்டுக்குள் வெளியூர் ஆள் வந்து பேசும் காட்சியில் மட்டும் வேறுபாடு தேவைப்படும்.

வழக்கு சில சமயம் சாதியையும் காட்டிவிடும். ‘ஆத்துக்கு வாங்கோ’ என்ற ஒரு வரி போதும். தமிழ்ப் பார்வையாளர் அரை நொடியில் புரிந்துகொள்வதை ஆங்கிலத்தில் சொல்ல வழியில்லை. சாதிப் பெயரை வரிக்குள் நுழைப்பது தவறு, பாத்திரம் சொல்லாததைச் சொல்ல வைப்பதாகும். கதைக்கு அது கட்டாயம் தேவை என்றால் இயக்குநரிடம் கேளுங்கள். பெரும்பாலும் வேறொரு வரியிலோ காட்சியிலோ அந்தச் செய்தி இருக்கும், அந்த வரியைத் தெளிவாக மொழிபெயர்த்தால் போதும்.

கொங்கு வழக்கில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. ‘ங்க’, ‘ங்’ என்ற ஒட்டு எல்லாச் சொல்லின் பின்னாலும் வரும். சண்டையில்கூட வரும். ‘ஏனுங்க, கையுங் காலும் இருக்கோணுமா, வேண்டாமுங்களா?’ என்பது மரியாதை மாறாத மிரட்டல். மரியாதைதான் அதைப் பயங்கரமாக்குகிறது. இதைக் கெட்ட வார்த்தை போட்ட ஆங்கில மிரட்டலாக எழுதினால் பாத்திரமே மாறிவிடும். பணிவான, முழுமையான, கொஞ்சம் நீளமான ஆங்கில வாக்கியமாக எழுதினால் அந்தக் குளிர் அப்படியே வரும்.

படி 5: ஆங்கில வரியை எழுதுவது

முதலில் செய்யக் கூடாததைச் சொல்லிவிடலாம். நெல்லைத் தமிழுக்கு அமெரிக்கத் தெற்கத்தி ஆங்கிலமோ, சென்னைத் தமிழுக்கு லண்டன் தெருப் பேச்சோ போடாதீர்கள். அந்தப் பேச்சுகளுக்குச் சொந்த ஊரும் சொந்த வரலாறும் உண்டு. பார்ப்பவரின் மனம் தச்சநல்லூரை விட்டு அங்கே போய்விடும். எழுத்தைச் சிதைத்து, எழுத்துப்பிழையோடு எழுதுவதும் வேண்டாம். படிக்கும் வேகம் குறையும், பேசுபவர் படிப்பறிவில்லாதவர் என்ற பொய்யும் சேர்ந்துகொள்ளும்.

கையில் இருக்கும் கருவிகள் நான்குதான்: விளிச்சொல், பெயர், வாக்கியத்தின் நீளம், ஏவலின் பணிவு. படம் முழுக்க ஒரே மாதிரி பயன்படுத்தினால் இந்த நான்கே போதும்.

செல்லையாவின் ‘லே’க்கு ஆங்கிலத்தில் ‘பாய்’ என்று வைத்துக்கொள்வோம். ‘சன்’ என்றால் பாசம் கூடிவிடும், எதுவும் போடாவிட்டால் அதிகாரம் போய்விடும். ‘பாய்’ கொஞ்சம் கனமான சொல், ஆனால் முதலாளி-பையன் உறவுக்குப் பொருந்துகிறது. இதே ‘லே’யை இரண்டு நண்பர்கள் பேசினால் ‘பாய்’ போடக் கூடாது, அங்கே எதுவுமே தேவையில்லை. சொல்லுக்குச் சொல் என்று ஒரு அகராதி வைத்துக்கொள்வது இதனால்தான் உதவாது. உறவுக்கு ஒரு சொல் என்று வைத்துக்கொள்ள வேண்டும்.

கடைசி வரியில் ‘பாய்’ மறைந்து அந்த இடத்தில் பெயர் வரட்டும். அதுவரை செல்லையா அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதாகச் சப்டைட்டிலில் ஒரு இடத்திலும் வந்திருக்கக் கூடாது. கேள்வியின் மற்றப் பகுதி இரண்டு முறையும் ஒரே சொற்களில் இருக்க வேண்டும், அப்போதுதான் மாறிய சொல் கண்ணில் படும்:

```
41
00:31:07,500 --> 00:31:10,000
Then why stand there, boy?
Get back to work.

44
00:31:22,000 --> 00:31:24,400
Why stand there, Murugan?
Please, sit.
```

‘முருகன்’ என்ற பெயர் ஒலியில் இல்லையே என்று கேட்கலாம். இது நியாயமான தயக்கம். ஒலியில் தெளிவாகக் கேட்கும் பெயரைச் சப்டைட்டிலில் விட்டால் பார்ப்பவர் உடனே கவனிப்பார். ஒலியில் இல்லாத பெயரைச் சேர்ப்பது அதைவிட ஆபத்து குறைவு, ஆனாலும் ஒரு படத்தில் ஓரிரு இடத்துக்கு மேல் செய்யக் கூடாது. பார்வையாளர் தமிழ் தெரிந்தவராகவும் இருப்பார். அவருக்கு ஆங்கில வரி தேவையில்லை என்றாலும் கண் அங்கே போகும், காரணமில்லாத சேர்க்கை அவருக்கு உறுத்தும்.

‘அண்ணாச்சி’யை என்ன செய்வது? மூன்று முறைக்கு மேல் வருகிறது, அந்த ஊரில் அது கடைமுதலாளிக்கு உரிய அழைப்பாகவே நிற்கிறது என்றால் ஆங்கில எழுத்தில் அப்படியே வைத்துவிடலாம். முதல் இரண்டு முறையிலேயே பார்ப்பவர் அதைப் பெயர் போல எடுத்துக்கொள்வார். ஒரே ஒரு முறை வரும் உறவுச்சொல்லை வைக்கக் கூடாது, அது படிக்கும் கண்ணைத் தடுக்கும் கல். நம் காட்சியில் ‘மதினி’ ஒரு முறைதான் வருகிறது. மதினி என்றால் அண்ணன் மனைவி, அண்ணாச்சி என்று அழைக்கப்படுபவரின் மனைவிக்கு அதே முறை. ஆங்கிலத்தில் ‘உங்கள் மனைவி’ என்று எழுதினால் உறவின் நெருக்கம் போகும், ஆனால் யாரென்று தெரியும். இங்கே தெளிவைத்தான் தேர்வு செய்ய வேண்டும்.

வசைச்சொற்களில் பொருளை விட்டுவிட்டு அழுத்தத்தை மட்டும் மொழிபெயர்க்க வேண்டும். நெல்லையில் ‘சவத்து மூதி’ என்று அம்மா மகளைத் திட்டுவாள், ஐந்து நிமிடத்தில் சோறு போடுவாள். சவம் என்ற சொல்லைப் பார்த்துப் பிணம், சாவு என்று ஆங்கிலத்தில் கொண்டுவந்தால் அந்த வீடு சாபம் விடும் வீடாகிவிடும். இடுப்புக்குக் கீழான ஆங்கில வசையும் அங்கே பொருந்தாது. ‘உருப்படாதவளே’ என்ற அளவில் நிற்கும் சொல் போதும்.

கொச்சையும் புதுவழக்கும் இதே கணக்குத்தான். ஆனால் அவற்றுக்கு வயது உண்டு. இன்று கல்லூரியில் ஓடும் ஆங்கிலக் கொச்சையை இன்றைய சென்னைக் கொச்சைக்குப் போட்டால் சில வருடங்களில் சப்டைட்டில் மட்டும் பழசாகத் தெரியும். 1980களில் நடக்கும் கதைக்கு இன்றைய கொச்சை போட்டால் முதல் நாளே தப்பாகத் தெரியும். சந்தேகம் வந்தால் எளிய ஆங்கிலம்.

படி 6: எழுத்தை எண்ணுங்கள்

ஆங்கிலச் சப்டைட்டிலுக்கு ஓடிடி தளங்களில் பரவலாகக் கேட்கப்படும் அளவு இது: ஒரு திரைக்கு இரண்டு வரி, வரிக்கு 42 எழுத்து, ஒரு சப்டைட்டில் அதிகபட்சம் 7 நொடி, குறைந்தபட்சம் ஒரு நொடியில் ஆறில் ஐந்து பங்கு. படிக்கும் வேகம் நொடிக்கு 17 முதல் 20 எழுத்துக்குள். இடைவெளியும் நிறுத்தற்குறியும் எழுத்தாகவே எண்ணப்படும்.

வட்டார வழக்கு இந்தக் கணக்கில் ஏன் இடிக்கிறது என்றால், விகுதி ஒன்றில் அடங்கிய செய்தியை ஆங்கிலம் தனிச்சொல்லாகச் சொல்ல வேண்டும். ‘என்னவே நிக்கீரு? உக்காரும்’ என்று சொல்ல இரண்டு நொடிகூட ஆகாது. 1.8 நொடி என்று வைத்துக்கொள்வோம். மேலே எழுதிய ஆங்கிலத்தில் முதல் வரி 25 எழுத்து, இரண்டாவது 12, மொத்தம் 37. வகுத்தால் நொடிக்கு 20.6, அளவைத் தாண்டுகிறது. இந்த இடத்தில் பலர் செய்வது, பெயரையோ ‘ப்ளீஸ்’ஸையோ வெட்டுவது. இந்த வரியில் வெட்டக் கூடாதவை அந்த இரண்டு சொற்கள்தான்.

அதற்குப் பதில் நேரத்தை நீட்டுங்கள். பேச்சு முடிந்த பிறகும் சப்டைட்டில் சிறிது நேரம் திரையில் நிற்கலாம். இந்த வரிக்குப் பின் யாரும் பேசவில்லை என்பதால் 2.4 நொடி கொடுத்தோம், வேகம் நொடிக்கு 15.4 ஆகிவிட்டது. ஷாட் மாறும் இடத்தைத் தாண்டி மட்டும் நீட்டாதீர்கள். அடுத்த ஷாட்டில் முருகனின் முகம் வந்து, அதன் கீழே செல்லையாவின் வரி இருந்தால் முருகன் பேசியதாகத் தோன்றும்.

நீட்ட இடமில்லை என்றால் செய்தியை முந்தைய வரிக்கோ பிந்தைய வரிக்கோ நகர்த்துங்கள். நான்காம் வரியில் ஊர்ப்பெயரான தச்சநல்லூரை விட்டுவிடலாம், ‘ஒரு கடை பார்த்திருக்கிறேன்’ என்பது போதும். இப்படிக் கதைக்குத் தேவையில்லாத பெயர்களில் மிச்சம் பிடித்து, படி மாறும் வரிகளில் செலவழிக்க வேண்டும்.

படி 7: அடுத்த மொழிக்காரருக்குக் குறிப்பு விடுங்கள்

ஒரு தமிழ்ப் படத்துக்குப் பிரெஞ்சிலோ இந்தியிலோ சப்டைட்டில் வரும்போது, பெரும்பாலும் அதை எழுதுபவருக்குத் தமிழ் தெரியாது. ஆங்கிலச் சப்டைட்டிலை அச்சாக வைத்துத்தான் எழுதுவார். இதில் ஒரு வருத்தமான வீணடிப்பு இருக்கிறது. பிரெஞ்சில் ‘து’, ‘வூ’ என்று இரண்டு படி இருக்கிறது. தெலுங்கில் ‘நுவ்வு’, ‘மீரு’ இருக்கின்றன. இந்தியில் ‘தூ’, ‘தும்’, ‘ஆப்’ என்று நெல்லையைப் போலவே மூன்று படி உண்டு. செல்லையாவின் வரியை ஆங்கிலத்தைவிட இந்தி நன்றாகச் சொல்லியிருக்கும். ஆனால் நடுவில் இருக்கும் ஆங்கிலம் எல்லாவற்றையும் ‘யூ’ ஆக்கிவிட்டதால், இந்தி எழுதுபவர் ஊகித்து எழுதுகிறார். தொடக்கத்திலேயே ‘தும்’ போட்டுவிட்டால் கடைசியில் ஏற இடமில்லை.

மருந்து ஒரு வரிக் குறிப்பு. அச்சாக அனுப்பும் அந்த ஆங்கிலச் சப்டைட்டில் கோப்பில் ஒவ்வொரு வரிக்கும் குறிப்பு எழுதும் இடம் இருக்கும். இல்லையென்றால் தனிக் கோப்பாக அனுப்பலாம். 41ஆம் வரிக்கு: ‘மிகத் தாழ்ந்த படி, உரிமையோடு’. 44ஆம் வரிக்கு: ‘இங்கே முதல் முறையாகச் சமமானவனாக அழைக்கிறார், நடுப்படிக்கு மாற்றவும், மிக உயர்ந்த படி வேண்டாம்’. நான்காம் வரிக்கு: ‘பன்மை அல்ல, ஒரு பெண்ணைப் பற்றிய மரியாதைப் பேச்சு’. ஏற்கெனவே விளிப்பு அட்டவணை இருப்பதால் முழுப் படத்துக்கும் இதை எழுத ஒரு மணி நேரம் போதும். அந்த அட்டவணையையே கூட அனுப்பிவிடலாம்.

காது கேளாதவர்களுக்கான தமிழ் எழுத்துக்கும் இங்கே ஒரு வார்த்தை. அதில் வட்டார வழக்கை எழுத்துத் தமிழாக மாற்றி, ‘ஏன் நிற்கிறாய்’, ‘ஏன் நிற்கிறீர்’ என்று போடும் பழக்கம் இருக்கிறது. ஒலியைக் கேட்க முடியாதவருக்கு ஊர் தெரிவதே அந்த எழுத்தில்தான். விகுதியையும் விளிச்சொல்லையும் பேசியபடியே எழுதுங்கள். படிக்கத் தடுக்கும் ஒலிச்சிதைவுகளை மட்டும் சொல்லின் நடுவில் சரிசெய்தால் போதும். ‘என்னவே நிக்கீரு? உக்காரும்’ என்பதைத் தமிழ் படிக்கத் தெரிந்த எவரும் படித்துவிடுவார்.

படி 8: இரண்டு பேரிடம் காட்டுங்கள்

ஒருவர் அந்த வட்டாரத்துக்காரராக இருக்க வேண்டும். திருநெல்வேலிப் படத்துக்கு மதுரைக்காரர் போதாது. அவரிடம் முழுப் படத்தையும் ஓட்ட வேண்டாம், அட்டவணையில் படி மாறும் காட்சிகளையும் நீங்கள் சந்தேகப்பட்ட விகுதிகளையும் மட்டும் ஒலியோடு காட்டி, ‘இந்த இடத்தில் இவர் கோபத்தில் இருக்கிறாரா, மரியாதை கொடுக்கிறாரா?’ என்று கேளுங்கள். ‘சரியாக இருக்கிறதா?’ என்று கேட்டால் எல்லாரும் ஆமாம் என்று சொல்லிவிடுவார்கள்.

இன்னொருவர் தமிழே தெரியாதவராக இருக்க வேண்டும். அவருக்கு முதல் நான்கு வரியைக் காட்டி நிறுத்துங்கள். பிறகு கடைசி வரியைக் காட்டி, முதலாளி இப்போது முருகனைப் பற்றி என்ன நினைக்கிறார் என்று கேளுங்கள். ‘மதிக்கத் தொடங்கிவிட்டார், ஆனால் கொஞ்சம் விலகிவிட்டார்’ என்ற திசையில் பதில் வந்தால் அந்த வரியைத் தொடாதீர்கள். ‘மறுபடி திட்டுகிறார்’ என்று வந்தால், 41ஆம் வரியில் உள்ள ‘பாய்’ கண்ணில் படும் இடத்தில் இருக்கிறதா, இடையில் எங்காவது செல்லையா பேசும் வரியில் பெயர் நுழைந்துவிட்டதா என்று திரும்பிப் போய்ப் பாருங்கள். பிழை பெரும்பாலும் கடைசி வரியில் இருக்காது, அதற்கு முன்னால்தான் இருக்கும்.